கலைச்சொல் பட்டியலை அகரவரிசைப்படுத்துதல், ஒரே நடைக்குக் கொண்டுவருதல், ‘காண்க’ இடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புத்தகத்தின் கடைசியில் வரும் கலைச்சொல் பட்டியலைச் செப்பம் செய்யும்போது என்னிடம் வழக்கமாக வரும் கேள்விகள் இவை. எடுத்துக்காட்டுகளை எல்லாம் ஒரே பட்டியலிலிருந்து எடுத்திருக்கிறேன். மாணவர்களுக்கான ஓர் அறிமுக வானியல் நூலுக்காக மூன்று பேர் எழுதித் தந்த பட்டியல் அது. மூன்று பேரும் விஷயம் தெரிந்தவர்கள்தான். ஆனால் ஒருவர் ‘கிரகம்’ என்று எழுதினார், இன்னொருவர் ‘கோள்’ என்று எழுதினார், மூன்றாமவர் இரண்டையும் எழுதினார்.

பட்டியல் கைக்கு வந்ததும் முதலில் அகரவரிசையில் போட்டுவிடலாமா?

போடலாம், ஆனால் அதைக் கடைசி வரிசையாக நினைக்கக் கூடாது. நான் இரண்டு முறை வரிசைப்படுத்துவேன். முதல் முறை எனக்காக: ஒரே சொல்லை இரண்டு பேர் எழுதியிருந்தால் அவை பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும், எழுத்துப்பிழைகளும் கண்ணில் படும். அப்புறம் எந்தச் சொல் முதன்மைச் சொல், எது மாற்றுச் சொல் என்று முடிவு செய்து, விளக்கங்களைத் திருத்தி, ‘காண்க’ குறிப்புகளைப் போட்டு, எல்லாம் முடிந்த பிறகு வாசகருக்காக இரண்டாம் முறை. நடுவில் தலைச்சொற்கள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், முதல் வரிசையை நம்பி அச்சுக்கு அனுப்பினால் ‘விண்மீன்’ இன்னமும் ‘நட்சத்திரம்’ இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

வரிசை மாறினால் உள்ளே உடையும் சொற்கள் சில உண்டு. ‘மேலே சொன்ன’, ‘முந்தைய சொல்லில் பார்த்தபடி’, ‘இதுவும் அதுபோலவே’ போன்றவை. எழுதியவர் தன் மனதில் இருந்த வரிசையில் எழுதியிருப்பார். அகரவரிசையில் போட்டதும் ‘மேலே சொன்ன’ என்பதற்கு மேலே வேறு ஏதோ இருக்கும். சுருக்கக்குறிகளும் இப்படித்தான். வானியல் அலகைக் குறிக்கும் ‘வா.அ.’ என்பதன் விரிவை ஒருவர் ‘கோள்’ பதிவில் தந்துவிட்டு, மற்ற இடங்களில் சுருக்கத்தை மட்டும் எழுதியிருந்தார். கலைச்சொல் பட்டியலை யாரும் மேலிருந்து கீழாகப் படிப்பதில்லை. ஒவ்வொரு பதிவும் தனியாகப் படித்தாலே புரிய வேண்டும்.

கணினியில் வரிசைப்படுத்தினேன். எல்லாச் சொல்லும் முதல் எழுத்துப்படி சரியாகத்தான் இருக்கிறது. இன்னும் என்ன பார்க்க வேண்டும்?

இரண்டாம், மூன்றாம் எழுத்துகளைப் பார்க்க வேண்டும். தமிழில் இந்தத் தவறு ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான்.

யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. இந்திய எழுத்துகளுக்கான பகுதிகளை 1988-இன் இஸ்கி தரத்தை ஒட்டி அமைத்தார்கள். இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வரிசை அது. அதனால் ‘ன’ போய் ‘ந’வுக்குப் பக்கத்திலும், ‘ற’ போய் ‘ர’வுக்குப் பக்கத்திலும் உட்கார்ந்துவிட்டன. ‘ள’ ‘ழ’வுக்கு முன்னால் வந்துவிட்டது, ‘வ’ இவை எல்லாவற்றுக்கும் பின்னால் போய்விட்டது. நாம் பள்ளியில் படித்த வரிசையில் ‘ய ர ல வ ழ ள’ முடிந்த பிறகே ‘ற’வும் ‘ன’வும் வரும். மென்பொருள் வெறும் எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் இந்த இரண்டு வரிசைகளும் மோதும். ஆனால் ழ, ள, ற, ன ஆகியவை தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதில்லை. ஆகையால் முதல் எழுத்தை மட்டும் ஓட்டமாகப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

இன்னொரு சிக்கல் புள்ளி. நம் அகராதிகளில் மெய்யெழுத்து முதலில் வரும், அதன் பிறகுதான் உயிர்மெய்: க், க, கா, கி… ஆகவே ‘அக்கா’ முன்னால், ‘அகம்’ பின்னால். யூனிகோடில் புள்ளிக்கு உயிர்க்குறிகளைவிடப் பெரிய எண். அதனால் எண் வரிசையில் ‘க்’ என்பது ‘கௌ’வுக்கும் பின்னால் தள்ளப்படும்.

வானியல் பட்டியலில் ஒரு பகுதி எண் வரிசையில் இப்படி வந்தது:

சுற்றுப்பாதை, சுழற்சி, வளிமண்டலம், வானியல் அலகு, வால்மீன், விடிவெள்ளி, விட்டம், விண்கல், விண்மீன்

இருக்க வேண்டியது இது:

சுழற்சி, சுற்றுப்பாதை, வளிமண்டலம், வால்மீன், வானியல் அலகு, விட்டம், விடிவெள்ளி, விண்கல், விண்மீன்

ஒன்பது சொல்லில் மூன்று ஜோடிகள் இடம் மாறியிருக்கின்றன. முதல் ஜோடியில் ழ-வும் ற-வும், இரண்டாவதில் ல-வும் ன-வும், மூன்றாவதில் ட்-டும் டி-யும் காரணம். உங்கள் மென்பொருள் எந்த வகை என்று தெரிய வேண்டுமானால் இந்த ஆறு சொல்லையும் அதில் போட்டு வரிசைப்படுத்திப் பாருங்கள். ‘சுழற்சி’ முன்னால் வந்து, ‘வால்மீன்’ முன்னால் வந்து, ‘விட்டம்’ முன்னால் வந்தால் இந்த மூன்று விஷயத்திலும் அதை நம்பலாம். ஒன்று பிசகினாலும் வேறு வழி பார்க்க வேண்டும். வரிசைப்படுத்தும் பெட்டியில் மொழியைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் தமிழைத் தேர்ந்துவிட்டு மறுபடி சோதியுங்கள். சில நேரம் அதுவே போதும்.

மென்பொருள் பிசகுகிறது. நூற்றுக்கணக்கான சொல்லைக் கையால் அடுக்க முடியாது. வேறு வழி?

பைத்தான் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் சில வரிகளில் முடியும். எழுத்து வரிசையை நாமே சொல்லிக் கொடுத்துவிடுவதுதான் வழி:

```python
import unicodedata

BASE = "அஆஇஈஉஊஎஏஐஒஓஔஃகஙசஞடணதநபமயரலவழளறனஜஶஷஸஹ"
SIGN = "\u0bcd*\u0bbe\u0bbf\u0bc0\u0bc1\u0bc2\u0bc6\u0bc7\u0bc8\u0bca\u0bcb\u0bcc"

def key(word):
    out = []
    for ch in unicodedata.normalize("NFC", word):
        if ch in BASE:
            out.append([BASE.index(ch), 1])
        elif ch in SIGN and out:
            out[-1][1] = SIGN.index(ch)
    return out

words.sort(key=key)
```

`BASE` என்பது நம் அகரவரிசை. `SIGN` வரிசையில் முதலில் இருப்பது புள்ளி, அடுத்த நட்சத்திரக்குறி ‘குறி எதுவும் இல்லாத அகர உயிர்மெய்’ என்பதற்கு இடம் பிடித்து நிற்கிறது, அப்புறம் துணைக்கால் தொடங்கி ஔகாரக் குறி வரை. உயிர்க்குறிகள் தனியே நின்றால் திரையில் கலங்கலாகத் தெரியும் என்பதால் எண்களாகக் கொடுத்திருக்கிறேன்.

இந்த நிரல் இடைவெளி, அடைப்புக்குறி, எண்கள், ரோமன் எழுத்து எல்லாவற்றையும் கண்டுகொள்ளாது. தமிழ்த் தலைச்சொற்களுக்கு அதுதான் வேண்டும். ஆனால் முழுக்க ரோமன் எழுத்தில் இருக்கும் தலைச்சொல் இருந்தால் அது பட்டியலின் உச்சியில் போய் நிற்கும், அதைத் தனியாகக் கவனியுங்கள். க்ஷ-வை இது ‘க்’ என்றே எடுத்துக்கொள்ளும். அப்படி ஒன்றிரண்டு சொல் இருந்தால் கையால் நகர்த்திவிடலாம்.

ஒரே சொல் இரண்டு இடத்தில் வந்திருக்கிறது. எழுத்தும் ஒன்றாகத்தான் தெரிகிறது. எப்படி?

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. எங்கள் பட்டியலில் ‘பௌர்ணமி’ இரண்டு முறை இருந்தது. ஒன்று ‘பை’, ‘பொ’ வரிசைகளைத் தாண்டி, இருக்க வேண்டிய இடத்தில். இன்னொன்று ‘பெ’ வரிசையில். பெரிதாக்கிப் பார்த்தபோது தெரிந்தது, இரண்டாவதை ஒருவர் ‘பெ’ தட்டி அடுத்து ‘ள’ தட்டி எழுதியிருக்கிறார்: பெளர்ணமி. ஔகாரக் குறியின் வலப்பக்கத்துத் துண்டும் ‘ள’வும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலவே இருப்பதால் கண் ஏமாந்துவிடும். ‘ஔ’வை ‘ஒள’ என்று தட்டுவதும் இதே கதைதான்.

கண்டுபிடிக்க, கொம்புக்குப் பின் ‘ள’ வரும் இடங்களைத் தேடிப் பாருங்கள். ஆனால் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். ‘வெள்ளி’யிலும் ‘விடிவெள்ளி’யிலும் அந்த ‘ள’ உண்மையான ‘ள’தான். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

இன்னொரு வகை, ‘கொ’, ‘கோ’ போன்றவற்றில் வரும். குறியை ஒரே எண்ணாகவும் பதியலாம், கொம்பு ஒன்று துணைக்கால் ஒன்று என்று இரண்டு எண்ணாகவும் பதியலாம். திரையில் துளி வேறுபாடு இருக்காது. மேலே நிரலில் உள்ள `NFC` என்பது இவை இரண்டையும் ஒன்றாக்குவதற்காகத்தான். ஆனால் அது வரிசைப்படுத்தும்போது மட்டும் ஒன்றாக்குகிறது, உங்கள் கோப்பைத் திருத்தாது. தேடும்போதும் ‘காண்க’ சரிபார்க்கும்போதும் இந்த வேறுபாடு மறுபடி தலைகாட்டும் என்பதால், ஆரம்பத்திலேயே கோப்பு முழுவதையும் `NFC`-க்கு மாற்றி வைத்துக்கொள்வது நல்லது.

தலைச்சொல்லில் இரண்டு சொல் இருந்தால் இடைவெளியைக் கணக்கில் எடுப்பதா, விடுவதா?

தமிழுக்கு விடுவதே நல்லது என்பது என் கருத்து. ‘ஈர்ப்பு விசை’ என்று ஒருவர் பிரிப்பார், ‘ஈர்ப்புவிசை’ என்று ஒருவர் சேர்ப்பார், இரண்டும் பிழையில்லை. இடைவெளியை வைத்து இடம் தீர்மானித்தால் தேடுபவர் நம் பிரிப்பு முறையை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். எழுத்தை மட்டும் பார்த்தால் அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் இடைவெளியை விட்டாலும் ஒற்று விடாது. ‘சூரிய கிரகணம்’, ‘சூரியக் குடும்பம்’ இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் ‘ய’வை அடுத்து ‘கி’, இரண்டாவதில் ‘ய’வை அடுத்து ‘க்’. மெய் முதலில் வரும் என்பதால் ‘சூரியக் குடும்பம்’ முன்னால் நிற்கும். யாராவது ‘சூரியக் கிரகணம்’ என்று ஒற்றுப் போட்டுவிட்டால் ‘க்கி’யும் ‘க்கு’வும் போட்டிக்கு வரும், இப்போது கிரகணம் முன்னால் போய்விடும். ஒரே ஒரு புள்ளி வரிசையைத் திருப்பிப் போடுகிறது. அதனால் எந்தக் கூட்டுச்சொல்லில் ஒற்று மிகும், எதில் மிகாது என்பதைத் தலைச்சொற்களுக்கு முதலிலேயே முடிவு செய்து ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். நூலின் உட்பகுதியில் எப்படி இருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள்.

‘கிரகணம், சூரிய’ என்று திருப்பிப் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். யாரும் அப்படித் தேட மாட்டார்கள். ‘சூரிய கிரகணம்’ தன் இடத்தில் இருக்கட்டும். ‘கிரகணம்’ என்ற பொதுச்சொல்லின் கீழே இரண்டு வகைக்கும் ஒரு ‘மேலும் காண்க’ போட்டால் தேடுபவர் எந்த வாசல் வழியாக வந்தாலும் உள்ளே போய்விடுவார்.

ஜ, ஸ, ஹ-வில் தொடங்கும் சொற்களை எங்கே வைப்பது?

தமிழ் எழுத்துகள் எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில். ‘ஜூலியன் நாட்காட்டி’ ‘விண்மீன்’ எல்லாம் தாண்டித்தான் வரும். எண் வரிசையில் போட்டால் ‘ஜ’, ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் வந்துவிடும். முதல் எழுத்திலேயே பிசகு தெரியும் ஒரே இடம் ஏறக்குறைய இதுதான்.

விளக்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு நடையில் இருக்கின்றன. எதை அளவாக வைத்துத் திருத்துவது?

விளக்கம் எப்படி முடிகிறது என்பதை அளவாக வையுங்கள். தமிழ் வாக்கியத்தில் முக்கியமான சொல் கடைசியில்தான் வந்து சேரும். ஒரு பொருள் எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதைச் சொல்லும் சொல்லும் கடைசியில்தான் நிற்கும். எனவே எல்லா விளக்கத்தையும் அந்த இனச்சொல்லில் முடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எங்கள் பட்டியலில் வந்த மூன்று பதிவுகள் அப்படியே:

> கிரகம் - சூரியனைச் சுற்றுபவை கிரகங்கள் எனப்படும்
>
> கோள்: கோள் என்பது ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி வரும் பெரிய பொருள் ஆகும். (துணைக்கோளையும் பார்க்கவும்)
>
> துணைக்கோள் : மேலே சொன்ன கிரகங்களைச் சுற்றி வருவது. எ.கா. நிலா

முதலாவது பன்மையில் இருக்கிறது, தலைச்சொல்லையே விளக்கத்துக்குள் திரும்பச் சொல்கிறது, வால்மீனும் சூரியனைச் சுற்றுகிறது என்பதை மறந்துவிடுகிறது. இரண்டாவதில் ‘என்பது’வும் ‘ஆகும்’-உம் சும்மா இடம் பிடிக்கின்றன. ‘பெரிய’ என்பது எவ்வளவு பெரிய என்று தெரியவில்லை. மூன்றாவதில் ‘மேலே சொன்ன’. குறியீடுகளும் மூன்று விதம்: ஒன்றில் சிறுகோடு, ஒன்றில் முக்காற்புள்ளி, ஒன்றில் முன்னும் பின்னும் இடைவெளி விட்ட முக்காற்புள்ளி.

திருத்திய பிறகு:

> கிரகம். காண்க: கோள்
>
> கோள். விண்மீனைச் சுற்றிவரும், தன் ஈர்ப்பால் உருண்டை வடிவம் பெற்ற, தன் சுற்றுப்பாதையின் சுற்றுப்புறத்தில் மற்றப் பொருள்களை விட்டுவைக்காத வான்பொருள். எ-டு: பூமி, வியாழன். ஒப்பிடுக: குறுங்கோள். மேலும் காண்க: துணைக்கோள்
>
> துணைக்கோள். கோளைச் சுற்றிவரும் இயற்கையான வான்பொருள். எ-டு: நிலா. மேலும் காண்க: கோள்

இப்போது மூன்றுக்கும் ஒரே சட்டகம். தலைச்சொல் ஒருமையில், தடித்த எழுத்தில், முற்றுப்புள்ளியோடு. விளக்கம் பெயர்ச்சொல்லில் முடிகிறது. அப்புறம் எடுத்துக்காட்டு, அப்புறம் குறிப்புகள், எப்போதும் இதே வரிசை. ‘எ.கா.’ வேண்டுமா ‘எ-டு’ வேண்டுமா என்பது அவரவர் விருப்பம், ஆனால் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

பெயர்ச்சொல்லில் முடிப்பதில் இன்னொரு பலன் உண்டு. விளக்கம் சரியா என்று மாற்றி வைத்துப் பார்த்தே சோதிக்கலாம். ‘அவர்கள் புதிதாக ஒரு துணைக்கோளைக் கண்டார்கள்’ என்ற வாக்கியத்தில் ‘துணைக்கோளை’ எடுத்துவிட்டு ‘கோளைச் சுற்றிவரும் இயற்கையான வான்பொருளை’ என்று வையுங்கள். வாக்கியம் நிற்கிறது, வேற்றுமை உருபும் ஒட்டிக்கொள்கிறது. ‘மேலே சொன்ன கிரகங்களைச் சுற்றி வருவது’ என்பதை வைத்தால் வாக்கியம் சறுக்கும். வினைச்சொற்களையும் இதற்காகவே பெயராக்கி வைக்கிறோம்: ‘சுழல்’, ‘சுழலுதல்’, ‘சுழற்சி’ என்று மூன்று வடிவம் வந்திருந்தால் நூலில் அதிகம் வரும் ‘சுழற்சி’யைத் தலைச்சொல்லாக வைப்போம்.

திருத்தும்போது வட்டமடிக்கும் விளக்கங்களையும் கவனியுங்கள். ‘சுற்றுப்பாதை’ என்றால் ‘கோள் சுற்றும் பாதை’, ‘கோள்’ என்றால் ‘சுற்றுப்பாதையில் சுற்றுவது’ என்று இருந்தால் இரண்டும் தெரியாத மாணவருக்கு இரண்டு முறை ஏமாற்றம். ஏதாவது ஒன்று அன்றாடச் சொற்களில் தரை தட்ட வேண்டும். சுற்றுப்பாதையை ‘ஈர்ப்பால் கட்டுண்டு ஒரு வான்பொருள் மற்றொன்றைச் சுற்றிச் செல்லும் வழி’ என்று வைத்தோம். கோள் அங்கே வரவே இல்லை.

‘கிரகம்’ என்பதை எல்லா இடத்திலும் ‘கோள்’ என்று மொத்தமாக மாற்றிவிட்டால் போதாதா?

அதற்கு முன்னால் ஒரு கேள்வி: நூலின் உட்பகுதி எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறது? உள்ளே முழுக்க ‘கிரகம்’ என்று இருந்தால் பட்டியலில் ‘கோள்’ முதன்மைச் சொல்லாக இருக்கக் கூடாது. பட்டியல் நூலுக்காக இருக்கிறது. எங்கள் நூலில் ‘கோள்’ மிகுதி, அதனால் அது முதன்மை ஆனது.

சரி, மாற்றலாம் என்று முடிவானபின் மொத்த மாற்றம் எங்கே கடிக்கும் என்று பாருங்கள். ‘கிரகம்’ என்று தேடினால் ‘கிரகத்தை’, ‘கிரகத்தின்’, ‘கிரகங்கள்’ எதுவும் மாட்டாது, ஏனென்றால் ‘ம்’ எல்லாவற்றிலும் போய்விட்டது. அதற்காக ‘கிரக’ என்று சுருக்கித் தேடி மாற்றினால் ‘கிரகணம்’ ‘கோள்ணம்’ ஆகிவிடும். வடிவம் வடிவமாக மாற்றுவதுதான் பாதுகாப்பு: ‘கிரகங்களை’ ‘கோள்களை’ ஆகட்டும், ‘கிரகத்தை’ ‘கோளை’ ஆகட்டும், ஒவ்வொன்றும் தனித்தனி.

மாற்றிய சொல்லுக்கு முன்னால் இருக்கும் ஒற்றையும் பாருங்கள். ‘பூமியைச் சந்திரன் சுற்றுகிறது’ என்பதில் சந்திரனை நிலா ஆக்கினால் ‘பூமியைச் நிலா சுற்றுகிறது’ என்று ஒரு ‘ச்’ அநாதையாக நிற்கும். சொல்லின் முதலெழுத்து மாறும் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கண்ணால் ஒருமுறை படித்தே தீர வேண்டும்.

‘காண்க’, ‘மேலும் காண்க’, ‘ஒப்பிடுக’ மூன்றும் வேண்டுமா? ‘பார்க்க’ ஒன்றே போதாதா?

மூன்றும் மூன்று வேலை செய்கின்றன. ‘காண்க’ என்றால் ‘இங்கே விளக்கம் இல்லை, அங்கே போ’ என்று பொருள். மாற்றுச் சொல்லிலிருந்து முதன்மைச் சொல்லுக்கு மட்டுமே இது. ‘மேலும் காண்க’ என்றால் ‘இங்கே விளக்கம் இருக்கிறது, இன்னும் தெரிய வேண்டுமானால் அங்கே’. ‘ஒப்பிடுக’ என்றால் ‘இதை அதோடு குழப்பிக்கொள்ளாதே’. ‘காண்க’வை எல்லாவற்றுக்கும் போட்டால், வாசகர் விளக்கத்தைப் படித்து முடித்த பிறகும் இன்னும் போக வேண்டுமோ என்று பக்கத்தைத் திருப்புவார்.

‘ஒப்பிடுக’ போடும் இடத்தைத்தான் நான் அதிகம் யோசிப்பேன். வானியலில் ‘குறுங்கோள்’, ‘சிறுகோள்’ என்று இரண்டு உண்டு. தமிழ்ச் சொல்லை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், குறுமையும் சிறுமையும் ஒன்றுதானே. ஆனால் 2006-இல் உலக வானியலாளர்கள் புளூட்டோவைக் கோள் வரிசையிலிருந்து எடுத்து வைத்தது குறுங்கோள் வகையில். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே ஏராளமாகச் சுற்றும் பாறைத் துண்டுகள் சிறுகோள்கள். இங்கே இரண்டு பதிவிலும் ‘ஒப்பிடுக’ கட்டாயம், கூடவே வேறுபாட்டை விளக்கமே சொல்ல வேண்டும்: ஒன்றில் ‘உருண்டை வடிவம் பெற்ற, ஆனால் தன் சுற்றுப்புறத்தில் மற்றப் பொருள்களை விட்டுவைத்த’, மற்றதில் ‘பெரும்பாலும் ஒழுங்கற்ற வடிவமுள்ள’. விளக்கத்தில் வேறுபாடு தெரியாவிட்டால் ‘ஒப்பிடுக’ வெறும் அலைச்சல்.

விண்கல் சங்கதி இன்னும் சிக்கலானது. விண்வெளியில் திரியும் கல், காற்றுமண்டலத்தில் நுழைந்து எரியும்போது தெரியும் ஒளிக்கீற்று, எரிந்தது போக மிஞ்சித் தரையில் விழும் கல் என்று மூன்று நிலைகள். தமிழில் ‘விண்கல்’, ‘எரிகல்’, ‘எரிமீன்’, ‘எரிநட்சத்திரம்’, ‘விண்வீழ்கல்’ என்ற சொற்கள் புத்தகத்துக்குப் புத்தகம் இடம் மாறுகின்றன. நாங்கள் திரிவதை விண்கல் என்றும், ஒளியை எரிமீன் என்றும், விழுந்ததை விண்வீழ்கல் என்றும் வைத்தோம். ‘எரிகல்’, ‘எரிநட்சத்திரம்’ இரண்டிலும் ‘காண்க: எரிமீன்’. மூன்று முதன்மைப் பதிவுகளிலும் மற்ற இரண்டுக்கும் ‘ஒப்பிடுக’. மாணவர் எந்தப் பெயரைக் கேட்டுவிட்டு வந்தாலும் இரண்டு நகர்வுக்குள் முழுப் படமும் கிடைத்துவிடும்.

எந்தச் சொல்லை எதோடு இணைப்பது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒவ்வொரு தலைச்சொல்லும் மற்ற விளக்கங்களில் எங்கெங்கே வருகிறது என்று தேடிப் பாருங்கள். உறவுகள் தாமே வெளியே வரும். ஆனால் தலைச்சொல்லை அப்படியே தட்டித் தேடினால் வேற்றுமை உருபு ஏறிய வடிவங்கள் தப்பிவிடும். ‘கோள்’ என்பது ‘கோளின்’, ‘கோளை’ எதிலும் இல்லை, அங்கே புள்ளி மறைந்து உயிர்க்குறி வந்துவிட்டது. புள்ளியை நீக்கிவிட்டு ‘கோள’ என்று தேடுங்கள். எண் வாரியாகத் தேடும் மென்பொருளில் கோள், கோளின், கோள்கள், துணைக்கோள் எல்லாம் மாட்டும். கூடவே ‘கோளம்’ என்பதும் மாட்டும், அது வேறு சொல், அதை விட்டுவிடுங்கள். சில மென்பொருள்கள் முழு எழுத்தாக மட்டுமே தேடும். அங்கே வடிவங்களைத் தனித்தனியாகத்தான் தேட வேண்டும். ‘ம்’-இல் முடியும் சொல்லானால் அந்த ‘ம்’-ஐ வெட்டிவிடுங்கள்: ‘நீள்வட்ட’ என்று தேடினால் நீள்வட்டம், நீள்வட்டத்தில், நீள்வட்டப் பாதை மூன்றும் கிடைக்கும்.

கிடைத்ததற்கெல்லாம் ‘மேலும் காண்க’ போட வேண்டியதில்லை. விளக்கத்துக்குள்ளேயே அந்தச் சொல் வந்திருந்தால், அதைச் சாய்வெழுத்தில் காட்டி, ‘சாய்வெழுத்தில் உள்ளவற்றுக்குத் தனிப் பதிவு உண்டு’ என்று பட்டியலின் தலையில் ஒரு வரி எழுதிவிடலாம். விளக்கத்தில் வராத, ஆனால் வாசகருக்கு அடுத்து வேண்டியிருக்கும் சொற்களுக்கே பெரும்பாலும் ‘மேலும் காண்க’. ஒரு பதிவுக்கு மூன்றைத் தாண்டினால் எனக்குச் சந்தேகம் வரும்.

இரண்டு பக்கமும் குறிப்புப் போட வேண்டுமா?

‘ஒப்பிடுக’ என்றால் கட்டாயம். குழப்பம் இரண்டு பக்கமும் இருக்கும். ‘காண்க’ ஒருபோதும் இரண்டு பக்கம் போகாது. ‘மேலும் காண்க’ பெரும்பாலும் இரண்டு பக்கம், ஆனால் யோசித்துப் போடுங்கள். ‘ஒளியாண்டு’ பதிவில் ‘வானியல் அலகு’ வேண்டும், திரும்பவும் வேண்டும், இரண்டும் தொலைவை அளப்பவை. ‘விடிவெள்ளி’யிலிருந்து ‘கோள்’ போகலாம். ‘கோள்’ பதிவிலிருந்து விடிவெள்ளிக்கு வர அவசியம் இல்லை.

எல்லாக் குறிப்பும் சரியான இடத்துக்குப் போகிறதா என்று எப்படிச் சரிபார்ப்பது?

பட்டியலை விரிதாளில் வைத்துக்கொள்ளுங்கள். A நெடுவரிசையில் தலைச்சொற்கள். இன்னொரு தாளில் குறிப்புகள் மட்டும், ஒரு வரிக்கு ஒன்று: எங்கிருந்து, என்ன வகை, எங்கே. பட்டியல் இருக்கும் தாளின் பெயர் `Terms` என்றால், சென்று சேரும் சொல் C-இல் இருக்கும்போது பக்கத்தில் இதைப் போடுங்கள்:

```
=COUNTIF(Terms!A:A, C2)
```

1 வந்தால் சரி. 0 வந்தால் அந்தக் குறிப்பு இல்லாத வீட்டுக்கு வழி சொல்கிறது. 2 வந்தால் ஒரே தலைச்சொல் இரண்டு முறை இருக்கிறது. எங்கள் பட்டியலில் முதல் ஓட்டத்தில் வந்த பூச்சியங்களில் பெரும்பாலானவை சொல் இல்லாததால் வரவில்லை. ‘ஈர்ப்பு விசை’யை ஒருவர் சேர்த்து எழுதியிருந்தார், இன்னொருவர் கடைசியில் ஓர் இடைவெளி விட்டிருந்தார், மற்றவர் ‘துணைக்கோள்கள்’ என்று பன்மையில் எழுதியிருந்தார். குறிப்பில் தலைச்சொல் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும், உருபு ஏற்றக் கூடாது. ‘துணைக்கோளையும் பார்க்கவும்’ என்று எழுதாமல் ‘மேலும் காண்க: துணைக்கோள்’ என்று எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் சூத்திரம் பிடிக்காத இரண்டு பிழைகள் உண்டு. ஒன்று, இரட்டைத் தாவல்: ‘தாரகை’யில் ‘காண்க: நட்சத்திரம்’, அங்கே போனால் ‘காண்க: விண்மீன்’. முதன்மைச் சொல்லை நடுவில் மாற்றினால் இது தவறாமல் நேரும். மற்றொன்று, வட்டம்: ‘முழுநிலவு’ பௌர்ணமிக்கு அனுப்புகிறது, ‘பௌர்ணமி’ முழுநிலவுக்கே திருப்பி அனுப்புகிறது, விளக்கம் எங்குமே இல்லை. இரண்டு பேர் தனித்தனியாக எழுதினால் இதுவும் நடக்கும். இரண்டையும் பிடிக்க ஒரே கேள்வி போதும்: ‘காண்க’ சென்று சேரும் பதிவிலேயே இன்னொரு ‘காண்க’ இருக்கிறதா? இருந்தால் பிழை.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு சொல் புதிதாகச் சேர்கிறது. மறுபடி முழு வேலையா?

முழு வேலை இல்லை, ஆனால் நுழைத்துவிட்டு ஓடவும் முடியாது. எங்களுக்குக் கடைசி வாரத்தில் ‘குள்ளக்கோள்’ வந்தது, உட்பகுதியில் ஓர் அத்தியாயத்தில் குறுங்கோளை அப்படி எழுதியிருந்தார்கள். ‘குள்ளக்கோள். காண்க: குறுங்கோள்’ என்று ஒரு வரி சேர்த்தோம். ள் முன்னால், ற பின்னால் என்பதால் அது குறுங்கோளுக்கு முன்னே போய் நின்றது. சூத்திரத்தில் 1 வந்தது. அப்புறம் பழைய விளக்கங்களில் ‘குள்ளக்கோள’ என்று தேடினோம். ‘வால்மீன்’ பதிவில் ஒன்று மாட்டியது, ‘குள்ளக்கோளைவிடச் சிறிய’ என்று. அதைக் ‘குறுங்கோளைவிடச் சிறிய’ என்று திருத்திக் கோப்பை மூடினோம்.